கொப்பிக்கு விபரம் எழுதுவது எப்படி? தாள், கோடு, கட்டு, மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலிபன் வீதியில் மொத்தமாக வாங்கி இணையத்தில் விற்கிறவர்களுக்கும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் சிறிய கடை வைத்திருக்கிறவர்களுக்கும் கொப்பி, டயறிகளுக்கான பொருள் விபரம் எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. “ஜி.எஸ்.எம். எண்டா என்ன? கூடக் கூட நல்ல பேப்பர் எண்டுதானே?”

ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். ஏ4 தாள் பதினாறைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர் வரும். ஆகவே போட்டோக்கொப்பி மெஷினுக்குப் போடுகிற 80 ஜி.எஸ்.எம். ஏ4 ஒற்றை ஒன்று 5 கிராம் அளவில் இருக்கும். பாடசாலைக் கொப்பிகளில் அதைவிட மெல்லிய தாள்தான் வழக்கம்.

இது நிறையை மட்டும் சொல்லும். தடிப்பைக்கூட முழுமையாகச் சொல்லாது. உருளைகளுக்கு நடுவே நன்றாக அழுத்தி வழவழப்பாக்கிய 80 மெல்லியதாகவும், அழுத்தாமல் விட்ட 80 பொதுபொதுவென்று தடிப்பாகவும் இருக்கும். இரண்டும் ஒரே நிறைதான். தரத்தைப் பற்றி அது இன்னும் குறைவாகவே பேசும். ஒற்றுத்தாளை எடுத்துப் பாருங்கள், கைக்குத் தடிப்பாக இருக்கும், ஆனால் மையைக் குடிப்பதுதான் அதன் வேலையே. எனவே விபரத்தில் ஜி.எஸ்.எம். கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் அதோடு நிறுத்தினால் வாங்குகிறவர் கேட்க நினைத்ததற்குப் பதில் வராது. காரணம் 5ஆம் கேள்வியில் இருக்கிறது.

2. “200 பக்கம் எண்டு போட்டிருக்கு. எண்ணிப் பாத்தா 100 ஒற்றைதான் இருக்கு. ஏமாத்திப் போட்டாங்களா?”

இல்லை. ஒரு ஒற்றைக்கு இரண்டு பக்கம். நம்முடைய கொப்பிகளில் பக்கக் கணக்கில்தான் போடுவார்கள். வெளிநாட்டுக் கொப்பிகள் சிலவற்றில் ஒற்றைக் கணக்கு இருக்கும். இரண்டையும் ஒரே கடையில் விற்கிறீர்கள் என்றால் “100 ஒற்றை, 200 பக்கம்” என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரியால் எத்தனையோ மெசேஜ் குறையும்.

3. “மட்டையில ஜி.எஸ்.எம். இல்ல. சப்ளையர் 80 எண்டு சொல்றார். உண்மையா எண்டு எப்பிடிப் பாக்கிறது?”

நிறுத்துப் பார்ப்பதுதான் வழி. சமையலறைத் தராசும் அடிமட்டமும் போதும். சுருள் கம்பிக் கொப்பி ஒன்றை வைத்துக் கணக்கைச் செய்து காட்டுகிறேன். மட்டையில் ஏ5 என்று இருக்கிறது. ஆனால் ஒற்றையை அளந்தால் 145 மில்லிமீற்றர் அகலம், 205 உயரம். சரியான ஏ5 என்றால் 148க்கு 210 இருக்க வேண்டும். ஓரம் வெட்டும்போது இப்படிக் குறைவது சாதாரணம், அதனால் மட்டையில் உள்ள அளவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் அளந்து கொள்ளுங்கள். ஒரு ஒற்றையின் பரப்பு 0.145ஐ 0.205ஆல் பெருக்க வருவது, அதாவது 0.0297 சதுர மீற்றர். கம்பியை நெகிழ்த்தி 20 ஒற்றையைக் கழற்றினால் மொத்தம் 0.594 சதுர மீற்றர். தராசு 41 கிராம் காட்டுகிறது. 41ஐ 0.594ஆல் பிரித்தால் 69. ஆக இது 70 ஜி.எஸ்.எம். தாள். சப்ளையர் சொன்ன 80 என்றால் தராசு 47 அல்லது 48 காட்டியிருக்க வேண்டும். கம்பித் துளைகளில் போன நிறை சொற்பம், அதை விட்டுவிடலாம்.

20 ஒற்றை எதற்கு என்றால், சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே பார்க்காது. இதே கொப்பியில் ஒற்றை ஒன்றை மட்டும் வைத்தால் 70 என்றாலும் 2 கிராம் காட்டும், 80 என்றாலும் 2 கிராம்தான் காட்டும். தைத்த கொப்பியில் 20 ஒற்றையைக் கிழிக்க மனம் வராது. அப்போது கடைசி ஒற்றை ஒன்றை மட்டும் ஒட்ட வெட்டி, நகை நிறுக்கிற தராசில் வையுங்கள். புறக்கோட்டைக்குப் போகிறவர்களுக்குச் செட்டியார் தெரு பக்கத்தில்தானே, தெரிந்த கடை இருந்தால் ஒரு நிமிட வேலை. விடை 67, 72 என்று வந்தால் 70 என்றே எழுதலாம். ஆலையிலேயே சிறிய ஏற்ற இறக்கம் உண்டு, கொழும்புக் காற்றின் ஈரமும் தாளில் கொஞ்சம் நிறை ஏற்றும். ஆனால் 69ஐ 80 என்று எழுத அது இடம் தராது.

4. “மை ஊறுது எண்டு ஒராள் சொல்றார், மற்றாள் மை தெரியுது எண்டு சொல்றார். ரெண்டும் ஒண்டுதானே?”

மூன்று வேறு வேறு விஷயங்களை எல்லாரும் “ஊறுது” என்று சொல்லிவிடுகிறார்கள். விபரம் எழுதுகிறவர் பிரித்தே எழுத வேண்டும். முதலாவது பரவுதல். எழுதிய கோட்டின் விளிம்பு கூர்மையாக நிற்காமல், தாளின் நார் வழியாகச் சிறு சிறு மயிராகப் பக்கவாட்டில் ஓடும். “ஈ”யின் உள்ளே இருக்கிற புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ஊடுருவுதல். மை தாளைத் துளைத்துக்கொண்டு பின்பக்கத்துக்கு வந்துவிடும். பேனை நின்ற இடங்களிலும் கோடுகள் குறுக்கிடும் இடங்களிலும் முதலில் புள்ளி புள்ளியாக வரும், மோசமான தாளில் அடுத்த ஒற்றையிலும் கறை இருக்கும்.

மூன்றாவது நிழல் தெரிதல். மை முன்பக்கத்திலேயே நிற்கிறது, ஆனால் தாள் மெல்லியதாகவோ ஒளி ஊடுருவக் கூடியதாகவோ இருப்பதால் பின்பக்கத்திலிருந்து எழுத்து மங்கலாகத் தெரிகிறது. பின்பக்கத்தில் விளிம்பு கூர்மையான புள்ளிகள் இருந்தால் அது ஊடுருவல். எழுத்து முழுவதும் ஒரே சீரான சாம்பல் நிழலாக இருந்தால் மை அந்தப் பக்கம் வரவில்லை. இது ஏன் முக்கியம் என்றால், நிழலைப் பொறுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஊடுருவினால் அந்தப் பக்கம் யாருக்கும் பயன்படாது.

5. “என்னட்ட இருக்கிற யப்பான் கொப்பி 52 ஜி.எஸ்.எம். தான். மைப் பேனையால எழுதினா ஒண்டும் ஆகுதில்ல. இஞ்ச வாங்கின 80இல மை பரவுது. ஏன்?”

நீங்கள் சொல்வது டொமோயே ரிவர் தாளாக இருக்கும். 52 ஜி.எஸ்.எம். என்ற எண்ணுக்கு மைப் பேனைக்காரர்கள் மத்தியில் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். விஷயம் நிறையில் இல்லை, தாளுக்குள் மை எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில் இருக்கிறது. தாள் என்பது நார்களின் வலை. அப்படியே விட்டால் ஒற்றுத்தாள் போலத் தண்ணீரை இழுக்கும். அதைத் தடுக்கக் கூழிலேயே பைன் மரப் பிசின் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள், சில தாள்களுக்கு மேற்பரப்பிலும் மாச்சத்துக் கரைசல் பூசுவார்கள். ஆலைக்காரர்கள் இதைச் சைசிங் என்பார்கள். சைசிங் நன்றாக இருந்தால் மை மேலே நின்று, மெதுவாகத் தண்ணீரை இழந்து காயும். குறைவாக இருந்தால் பரவும், ஊடுருவும். ஒளி மறைக்கும் தன்மை இன்னொரு சங்கதி. அது தடிப்பையும் சுண்ணாம்பு போன்ற நிரப்பிகளையும் பொறுத்தது. அதனால்தான் அந்த 52இல் மை ஊடுருவாது, நிழல் மட்டும் நன்றாகத் தெரியும்.

நல்ல சைசிங் இலவசமாக வருவதில்லை. மேலே நிற்கிற மை காய நேரம் எடுக்கும், கை பட்டால் இழுபடும். மழைக்கால இரவில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் இன்னும் நேரமாகும். இடக்கையால் எழுதுகிறவருக்கும், விரிவுரையில் வேகமாகக் குறிப்பெடுத்துப் பக்கம் புரட்டுகிற மாணவருக்கும் கொஞ்சம் உறிஞ்சுகிற தாள்தான் வசதி. ஆகவே “மை பரவாது” என்று எழுதினால் பக்கத்திலேயே காய எத்தனை விநாடி எடுத்தது என்பதையும் எழுதுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையான விபரம் ஆகாது.

இன்னொன்று. போல்பொயின்ட் பேனையின் மை எண்ணெய் சார்ந்த களி. அது சைசிங்கைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை, எந்தத் தாளிலும் பரவாது. பாடசாலைக் கொப்பியை வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் போல்பொயின்ட்காரர்கள். அவர்களுக்கு 60 ஜி.எஸ்.எம். கொப்பி முழுக்கச் சரியான கொப்பி. அழுத்தி எழுதினால் பின்பக்கம் புடைக்கும், அதைப் பார்த்து எழுதினால் போதும்.

6. “சரி, அப்ப சோதிச்சுத்தான் எழுத வேணும். எந்தப் பேனையால, எப்பிடி?”

நான்கு பேனை போதும்: ஒரு போல்பொயின்ட், 0.5 ஜெல் ஒன்று, மெல்லிய எஃப் நிப்பு உள்ள மைப் பேனை ஒன்று, மை தாராளமாக வருகிற எம் நிப்பு ஒன்று. எந்தக் கொப்பியாக இருந்தாலும் இதே நான்கு, இதே மை. மாற்றினால் ஒப்பிட முடியாது. கொப்பியின் கடைசி ஒற்றையில் ஒவ்வொரு பேனையாலும் ஒரே வாக்கியத்தை எழுதுங்கள். “ஈ, ஞீ, ணூ, ழூ” போன்ற சுருக்கமான வளைவுகள் அதில் வரட்டும். பரவுதல் முதலில் அங்கேதான் தெரியும். அப்புறம் ஒரு சிறு சதுரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நிரப்புங்கள். கடைசியாக முனையைத் தாளில் வைத்து ஐந்து விநாடி அசைக்காமல் பிடியுங்கள்.

காயும் நேரத்துக்கு, ஐந்து சிறு கோடுகளை ஐந்து விநாடி இடைவெளியில் போட்டு, கடைசிக் கோடு போட்டதும் சுத்தமான விரலால் எல்லாவற்றையும் ஒரே இழுப்பாக இழுங்கள். கடைசிக் கோடு அப்போதுதான் போட்டது, அதற்கு முந்தையது 5 விநாடி, பிறகு 10, 15, 20. எந்தக் கோடு வரை இழுபட்டதோ அதுதான் கணக்கு. பிறகு பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். போனில் கிட்டவாகப் படம் எடுத்துப் பெருப்பித்தால் பரவுதலின் மயிர்கள் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். விற்பனைப் பக்கத்தில் அந்தப் படத்தையே போடுங்கள், மட்டையின் பத்துப் படத்தைவிட அது பேசும்.

தாளின் இரண்டு முகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆலையில் கம்பி வலையில் கிடந்த முகம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கலாம். அதனால் பின்பக்கத்திலும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

7. “ஒரே பக்கத்தில மேல வடிவா எழுதுது, கீழ வர வர மை விட்டு விட்டுப் பிடிக்குது. தாள் பிழையா?”

பெரும்பாலும் உங்கள் கைதான். எழுதும்போது உள்ளங்கையின் ஓரம் கீழ்ப் பாதியில் தேய்கிறது, வியர்வையிலும் தோலிலும் உள்ள எண்ணெய் தாளில் ஏறுகிறது. தண்ணீர் மை எண்ணெய் மேல் பிடிக்காது. வழவழப்பான, நல்ல சைசிங் உள்ள தாளில்தான் இது அதிகம் தெரியும். கைக்குக் கீழே ஒரு தாள் துண்டை வைத்து எழுதிப் பாருங்கள். சரியாக எழுதினால் கொப்பி மேல் குற்றமில்லை. விட்டுப் பிடிப்பது கோட்டின் மேலேயே, வரிக்கு வரி ஒரே இடத்தில் நடந்தால் அது வேறு. கோடு அச்சிட்ட மை எண்ணெய் சார்ந்ததாக இருந்து, தடிப்பாகவும் அச்சிட்டிருந்தால் அதன் மேல் உங்கள் மை வழுக்கும். அதை விபரத்தில் சொல்ல வேண்டும்.

8. “சிங்கிள் ரூல் எண்டு போட்டா ஆக்களுக்கு விளங்கும்தானே? அளவும் போட வேணுமா?”

போட வேண்டும். சிங்கிள் ரூல் என்றால் கோட்டுக்குக் கோடு எவ்வளவு என்பது கொப்பிக்குக் கொப்பி மாறும். யப்பான் கொப்பிகளில் ஏ கோடு 7 மில்லிமீற்றர், பி கோடு 6. அமெரிக்கக் கல்லூரிக் கோடு 7.1. இந்த ஒரு மில்லிமீற்றர் தமிழில் எழுதுகிறவருக்குச் சின்ன விஷயம் இல்லை. நம் எழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும் ஏறும், கீழே “ழு, நூ, து” இறங்கும். 6 மில்லிமீற்றரில் எம் நிப்பால் எழுதினால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். சிங்களத்தில் எழுதுகிறவருக்கும் இதே பாடுதான். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு 6 தாராளம்.

அளப்பது இலகு. ஒரு கோட்டிலிருந்து பத்துக் கோடு தள்ளி உள்ள கோடு வரை அளந்து பத்தால் பிரியுங்கள். ஒரே இடைவெளியை அளந்தால் அடிமட்டம் அரை மில்லிமீற்றர் ஏமாற்றும். சதுரக் கட்டத்துக்கும் புள்ளித் தாளுக்கும் இதே முறை. புள்ளித் தாள் வழக்கமாக 5 மில்லிமீற்றர். அதோடு கோட்டின் நிறம், இடது ஓரக் கோடு இருக்கிறதா, ஒரு பக்கத்தில் எத்தனை கோடு என்பதையும் எழுதுங்கள்.

ஒற்றையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா என்று தெரியும். விழாவிட்டால் நிழல் தெரிகிற தாளில் பின்பக்க எழுத்து உங்கள் வரிகளுக்கு நடுவே வந்து நிற்கும், வாசிக்கக் கண் வலிக்கும். ஒரே அளவு நிழல் உள்ள இரண்டு கொப்பியில் ஒன்று தாங்கக் கூடியதாகவும் மற்றது தாங்க முடியாததாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

9. “நூல் தையல் எண்டு சப்ளையர் சத்தியம் பண்றார். முதுகில நூலும் தெரியுது. போடலாமா?”

எந்த நூல் என்று பாருங்கள். முதுகின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் நிறமாகத் தெரிகிற சின்னத் துணிக்கரை அலங்காரத்துக்கு ஒட்டுவது. அதற்கும் தையலுக்கும் சம்பந்தமில்லை. வெறும் பசையால் ஒட்டிய கொப்பியிலும் அது இருக்கும். உண்மையான தையலில் ஒற்றைகள் நடுவில் மடித்த சின்னச் சின்னக் கட்டுகளாக இருக்கும். மேலிருந்து முதுகைப் பார்த்தால் அந்த மடிப்புகள் வரிசையாகத் தெரியும். ஒரு கட்டில் 16 பக்கம் என்றால் எட்டு ஒற்றை, நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே விரித்தால் மடிப்பின் ஓரமாக நூல் ஓடும். அப்படி ஒவ்வொரு கட்டின் நடுவிலும் நூல் இருந்தால் “கட்டுக் கட்டாகத் தைத்தது” என்று தைரியமாக எழுதலாம்.

நூல் உண்மையாகவே இருந்தும் விரியாத கொப்பி உண்டு. கணக்குப் புத்தகங்கள் சிலவற்றில் முதுகுக்கு அருகே முன் மட்டையிலிருந்து பின் மட்டை வரை பக்கவாட்டில் ஊடறுத்துத் தைத்திருப்பார்கள். உறுதி அபாரம், ஒற்றை கழராது. ஆனால் உள் ஓரம் ஒரு சென்ரிமீற்றர் தையலுக்குள் போய்விடும், கையால் அழுத்திப் பிடிக்காமல் எழுத முடியாது. “நூல் தையல்” என்ற இரண்டு சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. மடிப்பே இல்லாமல், ஒற்றைகள் தனித்தனியாக வெட்டிப் பசையில் நிற்பது மூன்றாவது வகை. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் சாதாரணச் சூட்டுப் பசை இளகி, ஒற்றை ஒவ்வொன்றாகக் கையோடு வரும். சுருள் கம்பியை விட்டால், நடுவில் பின் அடித்த மெல்லிய கொப்பிதான் நன்றாக விரியும், அதில் பக்க எண்ணிக்கை எப்போதும் நாலால் பிரியும்.

தட்டையாக விரியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, கொப்பியைத் தொடக்கத்தில், நடுவில், முடிவில் மூன்று இடத்தில் விரித்துக் கையை எடுத்து ஒரு நிமிடம் விடுங்கள். நடுவில் பெரும்பாலான கொப்பிகள் விரியும். பத்தாவது ஒற்றையில் தானாக மூடிக்கொள்கிறதா என்பதுதான் சோதனை. விரித்த நிலையில் முதுகோரம் தாள் அலை அலையாக எழும்பி நின்றால் தாளின் நார் குறுக்கே ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். நார் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். ஈரம் ஏறினால் தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும், முதுகு பிடித்திருப்பதால் விரிய இடமில்லாமல் அலையாகும். நம் ஊர்க் காலநிலையில் இந்தக் குறை சீக்கிரம் வெளியே வரும்.

10. “டயறிக்கும் இதே மாதிரித்தானா?”

தாளும் மையும் இதேதான். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 365 பக்கத்துக்கு மேல் வேண்டும், அதனால் மெல்லிய தாள் போடுவார்கள், நிழலை எதிர்பார்க்கலாம். சோதிக்கக் கடைசிக் குறிப்புப் பக்கங்களைப் பாவிப்பீர்கள். கவனம், சில டயறிகளில் அந்தப் பக்கங்கள் வேறு தாள். திகதிப் பக்கத்தோடு தடவிப் பார்த்து ஒப்பிட்ட பிறகு எழுதுங்கள்.

மேலதிகமாகச் சொல்ல வேண்டியவை: நாளுக்கு ஒரு பக்கமா, விரித்தால் ஒரு வாரமா, சனி ஞாயிறுக்கு முழுப் பக்கமா பாதியா, போயா நாட்களும் இலங்கை விடுமுறைகளும் குறித்திருக்கிறதா. இறக்குமதி டயறியில் போயா இருக்காது. அதைச் சொல்லாமல் விற்றால் ஜனவரியிலேயே திட்டு வரும்.

11. “இதெல்லாம் சேத்து ஒரு விபரம் எழுதிக் காட்டுங்கோவன். நாங்கள் எழுதினது: ‘உயர்தர 80 ஜி.எஸ்.எம். தாள், சூப்பர் ஸ்மூத், எல்லாப் பேனைக்கும் ஏற்றது, நீண்ட காலம் உழைக்கும்.’”

3ஆம் கேள்வியில் நிறுத்த அதே கொப்பியை எடுத்துக்கொள்வோம். நான் எழுதினால் இப்படி வரும்:

“சுருள் கம்பிக் கொப்பி. ஒற்றை அளவு 145க்கு 205 மில்லிமீற்றர், ஏ5ஐவிடச் சற்றுச் சிறியது. 80 ஒற்றை, 160 பக்கம். நாங்கள் நிறுத்துப் பார்த்த தாள் நிறை 70 ஜி.எஸ்.எம். அளவில். இளமஞ்சள் கலந்த வெள்ளை, ஓரளவு வழவழப்பு. சாம்பல் நிறக் கோடு, இடைவெளி 7 மில்லிமீற்றர், இரண்டு பக்கக் கோடும் பொருந்துகின்றன, ஓரக் கோடு இல்லை. முழுதாகப் பின்னால் மடித்துப் பிடிக்கலாம். போல்பொயின்ட், 0.5 ஜெல்: பரவவில்லை, ஊடுருவவில்லை. எஃப் நிப்பு, நீல மை: பரவவில்லை, மெல்லிய நிழல் உண்டு, 10 விநாடியில் காய்ந்தது. எம் நிப்பு: வளைவுகளில் சிறிது பரவுகிறது, பேனை நின்ற இடத்தில் பின்பக்கம் புள்ளி வருகிறது. தடித்த நிப்புக்காரர் ஒரு பக்கம் மட்டும் எழுதலாம்.”

இதில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை, ஆனால் யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்பது தெளிவு. “எல்லாப் பேனைக்கும் ஏற்றது” என்ற வரியை மட்டும் எந்தக் கொப்பிக்கும் எழுதாதீர்கள். “குறையை எழுதினா ஆர் வாங்குவினம்” என்று இந்த இடத்தில் எல்லாரும் கேட்பார்கள். எம் நிப்புக்காரர் வாங்க மாட்டார்தான். அவர் வாங்கித் திருப்பி அனுப்பினால் கூரியர் காசு உங்களுடையது.

12. “சோதிச்சுத்தான் ‘பரவவில்லை’ எண்டு போட்டன். இப்ப ஒராள் அதே கொப்பியில மை பரவின படம் அனுப்பியிருக்கிறார். பொய் சொல்றாரோ?”

அவசரப்பட வேண்டாம், இரண்டு பேரும் உண்மை சொல்லலாம். முதலில் என்ன பேனை, என்ன மை என்று கேளுங்கள். சிலருக்கு ஜெல் பேனையும் லிக்விட் பேனையும் ஒன்று. லிக்விட் பேனையின் மை ஜெல்லைவிட எளிதாகப் பரவும். அடுத்தது, கொப்பி எங்கே இருந்தது. தாள் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நீங்கள் ஏசி அறையில் சோதித்திருப்பீர்கள், அவர் யன்னல் ஓர அலுமாரியில் மழைக்காலம் முழுக்க வைத்திருப்பார். ஈரம் ஏறிய தாளில் மை வேகமாக ஓடும். கொப்பியை ஏசி அறையில் ஒரு நாள் விரித்து வைத்து மறுபடி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பரவுதல் குறைந்தால் காரணம் ஈரம்.

குறையவில்லை என்றால் தாளே மாறியிருக்கலாம். நம் நாட்டில் எழுதும் தாளில் பெரும்பகுதி இறக்குமதி. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப் போனது. கிடைக்கிற தாளைப் போட்டு அதே மட்டையில் கொப்பி வருவது நடக்கிற விஷயம். உங்கள் கையிருப்பில் புதிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, பழைய கொப்பியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெண்மை வேறாக இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் 3ஆம் கேள்வியில் உள்ளபடி நிறுத்து, 6இல் உள்ளபடி எழுதிப் பாருங்கள்.

வித்தியாசம் இருந்தால் விபரத்தை மாற்றி, “இந்த மாதம் வந்த பெட்டியில் சோதித்தது” என்று மாதத்தோடு போடுங்கள். ஒவ்வொரு புதிய பெட்டிக்கும் ஒரு கொப்பியைச் சோதனைக்கென்று ஒதுக்கி, கடைசி ஒற்றையில் திகதியை எழுதிக் கடையிலேயே வையுங்கள். அடுத்த முறை படம் வரும்போது ஒப்பிட அது கையில் இருக்கும். படம் அனுப்பியவருக்கு, அவர் கொப்பி எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகு பதில் எழுதுங்கள்.